நிதி ஆலோசகரின் இணையதளத்தில் ஒரு செக்லிஸ்ட், ஒரு படிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், நாலு கட்டுரை படிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். யார் வந்தார்கள் என்று ஆலோசகருக்குத் தெரிவதே இல்லை. வந்தவருக்கு உடனே பயன்படும் ஒரு செக்லிஸ்ட்டைக் கொடுத்து, அதை அனுப்ப ஒரு இமெயில் முகவரி கேட்பது இதற்குப் பழகிய வழி. தொழிலில் இதை லீட் மேக்னட் என்பார்கள். நிதி ஆலோசகர்களுக்கு இணையதளம் அமைத்துத் தருவது என் வேலை. அவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணமாக நாமினி செக்லிஸ்ட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

வரி சேமிப்பு என்று தலைப்பு வைத்தால் கூட்டம் வருமே, நாமினி எதற்கு?

வரும், பிப்ரவரி மார்ச்சில். ஏப்ரலில் அந்தத் தாளை யாரும் தேட மாட்டார்கள். போதாததற்கு, 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறைதான் இயல்பான தேர்வு. அதில் 80சி கழிவு கிடையாது. அதனால் அந்தப் பட்டியலுக்கு வேலையே இல்லாத வாசகர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்க நான் மூன்று விஷயம் பார்ப்பேன். வாசகர் யாருடைய உதவியும் இல்லாமல், வீட்டில் இருக்கும் காகிதங்களை வைத்து அரை மணிக்குள் முடிக்க முடிய வேண்டும். முடிக்கும்போது தன் வீட்டுக் கணக்கில் ஒரு ஓட்டையாவது கண்ணில் பட வேண்டும். அந்த ஓட்டையை அடைப்பது நீங்கள் கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். "ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு தேவை" என்ற தலைப்பு முதல் சோதனையிலேயே விழுந்துவிடும், ஏனென்றால் அது அரை மணியில் முடிகிற கணக்கு இல்லை. நாமினி மூன்றிலும் தேறுகிறது. பத்து வருடம் வேலை பார்த்த யாருக்கும் பேங்க், பி.எஃப்., எல்ஐசி, ஒன்றிரண்டு மியூச்சுவல் ஃபண்ட் என்று நாலைந்து இடத்தில் பணம் இருக்கும். அவை எல்லாவற்றிலும் நாமினி சரியாக இருக்கும் வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

பட்டியலில் எத்தனை வரி? எப்படி எழுதுவது?

பத்து, பன்னிரண்டு போதும். எண்ணிக்கையைவிட வரியின் அமைப்புதான் முக்கியம். "உங்கள் நாமினேஷன்களைச் சரிபாருங்கள்" என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். எதை எடுக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், என்ன தெரிந்தால் டிக் போடலாம் என்ற மூன்றும் வரிக்குள் இருக்க வேண்டும். சில வரிகளை இப்படி எழுதலாம்:

☐ பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம்: நாமினேஷன் பதிவாகியிருப்பதாக அச்சாகியிருக்கிறதா? ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதைத் தனியாகப் பாருங்கள். சேமிப்புக் கணக்குக்குப் போட்ட நாமினி அதற்குத் தானாக வந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

☐ பி.எஃப்.: யுஏஎன் தளத்தில் இ-நாமினேஷன் செய்திருக்கிறீர்களா? அது திருமணத்துக்கு முன் செய்ததா, பின் செய்ததா?

☐ ஆயுள் காப்பீட்டுப் பத்திரம்: நாமினியாக இருப்பவர் இன்று உயிருடன் இருக்கிறாரா?

☐ எல்லா இடங்களிலும் நாமினியின் பெயர் அவருடைய ஆதாரில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா?

கடைசி வரியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். நம் ஊரில் இனிஷியல் ஒரு தனித் தலைவலி. பேங்கில் "எஸ். லட்சுமி", பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், ஆதாரில் கணவர் பெயர் என்று ஒரே பெண்மணி மூன்று பேராக நிற்பார். பணம் கேட்டுப் போகும் நாளில்தான் இது தெரியவரும். வடநாட்டில் எழுதிய பட்டியலை மொழிபெயர்த்துப் போட்டால் இந்த வரி அதில் இருக்காது. வாசகர்கள் உங்களுக்குப் பதில் எழுதுவதும் பெரும்பாலும் இந்த வரியைப் பற்றித்தான் இருக்கும்.

திருமணத்துக்கு முன்னா, பின்னா என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. குடும்பம் இல்லாத நிலையில் ஒருவர் செய்த பி.எஃப். நாமினேஷன், அவருக்குக் குடும்பம் அமைந்ததும் செல்லாததாகிவிடுகிறது. இதையெல்லாம் வரிக்குள் திணிக்க வேண்டாம். கேள்வியைக் கேட்டு நிறுத்துங்கள், காரணத்தைப் பின்னால் அனுப்பும் கடிதத்தில் சொல்லலாம்.

நாமினிதான் சொத்துக்கு உரிமையாளர் என்று பலர் நம்புகிறார்கள். அதையும் பட்டியலில் விளக்கலாமா?

ஒரு வரி போதும்: "நாமினி, வாரிசு இரண்டும் வேறு, உயில் எழுதியிருக்கிறீர்களா?" விளக்கத்தை இணையதளத்தில் தனிக் கட்டுரையாக வைத்து, அங்கே இணைப்புக் கொடுங்கள். பங்குகளின் நாமினி முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் நிலைமை கொஞ்சம் மாறும். 2015-இல் திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டத்தின்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணத்தில் அவர்களுக்கே பயன் உரிமை உண்டு. இந்த வேறுபாட்டைச் செக்லிஸ்ட்டில் எழுதப் போனால் அது சட்டப் புத்தகமாகிவிடும்.

பிடிஎஃப் ஆகக் கொடுப்பதா? எண்களை எழுதக் கட்டம் போடலாமா?

பிடிஎஃப் சரி. ஏ4 தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்துப் போடாதீர்கள். திறப்பவர்களில் பெரும்பாலோர் போனில்தான் திறப்பார்கள், விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சலித்துப்போவார்கள். ஒரே பத்தி, பெரிய எழுத்து, இரண்டு பக்கம் என்று வையுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும், அது பிடிஎஃப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டும் இருக்கட்டும். டிடிபி கடைகளில் இன்றும் பழைய எழுத்துருக்களில் அடித்துத் தருகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். கோப்பு வந்ததும் நீங்களே ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்.

கட்டம் போட வேண்டாம் என்பேன். கணக்கு எண், பாலிசி எண் எழுத இடம் விட்டால் சிலர் அதை நிரப்பி, படம் எடுத்து, உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேட்காமலே அவர்களுடைய விவரங்கள் உங்கள் இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதைப் பாதுகாப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். டிக் போடும் சதுரமும், "எங்கே இருக்கிறது: பீரோ / லாக்கர் / தெரியாது" என்று வட்டமிடும் இடமும் போதும். அந்தத் "தெரியாது"தான் உங்களுக்கு வேலை கொடுக்கப் போகிறது.

படிவத்தில் பெயர், போன், ஊர், வருமானம் எல்லாம் கேட்டால் நல்ல ஆட்களைப் பிரித்து எடுக்கலாமே?

இரண்டு பக்கத் தாளுக்கு அவ்வளவு விலை யாரும் கொடுக்க மாட்டார்கள். முக்கியமாக போன் நம்பர். காப்பீட்டு ஏஜெண்டு ஒருவரிடம் ஒரு முறை நம்பர் கொடுத்துவிட்டு ஆறு மாதம் போன் எடுத்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததுமே போய்விடுவார்கள், இல்லாவிட்டால் பொய் நம்பர் எழுதுவார்கள். வருமானத்தை நேரில் உட்கார்ந்து பேசும்போது கேளுங்கள்.

ஒரே ஒரு கட்டம் போதும்:

```html
<form action="/nominee-list" method="post">
  <label for="em">உங்கள் இமெயில்</label>
  <input id="em" name="email" type="email"
         autocomplete="email" required>
  <label>
    <input type="checkbox" name="monthly" value="yes">
    மாதம் ஒரு கடிதமும் அனுப்புங்கள்
  </label>
  <button>பட்டியலை அனுப்புங்கள்</button>
</form>
```

`type="email"` என்று போட்டால் போனில் @ குறி உள்ள விசைப்பலகை வரும். `autocomplete` இருந்தால் முகவரியை அடிக்காமலே தேர்ந்தெடுக்கலாம், எழுத்துப்பிழையும் குறையும். பொத்தானில் "சமர்ப்பி" என்று எழுதாதீர்கள். அது தாலுகா ஆபீஸ் வாசனை. அழுத்தினால் என்ன கிடைக்கும் என்பதையே எழுதுங்கள்.

ஜோஹோ கேம்பெயின்ஸ் மாதிரி மொத்த அஞ்சல் சேவை வைத்திருந்தால் படிவத்தின் குறிமுறையை அதுவே தரும். அதில் தானாக வரும் கூடுதல் கட்டங்களை எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

அந்த டிக் பெட்டி எதற்கு? இமெயில் கொடுத்தாலே சம்மதம்தானே?

இல்லை. பட்டியலைக் கேட்டவர் பட்டியலைத்தான் கேட்டிருக்கிறார். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் நிபந்தனை இல்லாததாகவும், தெளிவான ஒரு செயலின் மூலம் தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்கு அப்போதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் என்ன? மாதக் கடிதத்துக்கான பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கக் கூடாது. டிக் போடாதவருக்கும் பட்டியல் போக வேண்டும். "மாதக் கடிதம் வாங்கினால்தான் பட்டியல்" என்பது நிபந்தனை. பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில், ஆனால் படிக்க முடிகிற அளவில், இப்படி எழுதுங்கள்: "பட்டியலும், அதை நிரப்ப உதவும் இரண்டு விளக்கக் கடிதங்களும் வரும். வேறு யாருக்கும் முகவரியைத் தர மாட்டோம். எந்தக் கடிதத்திலிருந்தும் ஒரே தட்டலில் விலகலாம்." அதோடு முழு அறிவிப்புக்கு ஒரு இணைப்பு. அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, எட்டாவது அட்டவணை மொழிகளில் தமிழும் ஒன்று.

டிக் போடாதவர்கள் நிறைய இருப்பார்கள். பரவாயில்லை. விருப்பமில்லாதவருக்குக் கடிதம் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே ஸ்பேம் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

நான் ஏஆர்என் வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். இதே பக்கத்தை நானும் போடலாமா?

போடலாம், "ஆலோசகர்" என்ற பெயரில் அல்ல. விநியோகம் செய்பவர்கள் தங்கள் பெயரோடு சுயேச்சை நிதி ஆலோசகர், வெல்த் அட்வைசர் போன்ற பட்டங்களைச் சேர்க்கக் கூடாது என்று செபி 2020-இல் விதியைத் திருத்திவிட்டது. பக்கத்தின் அடியிலும் பிடிஎஃப்பின் அடியிலும் விநியோகஸ்தர் என்றும் ஏஆர்என் எண்ணையும் போடுங்கள்.

செபியில் பதிவு செய்த ஆலோசகராக இருந்தால் பதிவு எண் கட்டாயம். 2023 ஏப்ரலில் வந்த விளம்பர நெறிமுறை இமெயில், கையேடு, இணையதளம் எல்லாவற்றையும் விளம்பரக் கணக்கில்தான் சேர்க்கிறது, முன் ஒப்புதலைப் பற்றியும் பேசுகிறது. வெளியிடும் முன் மேற்பார்வை அமைப்பிடம் இன்றைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். "தமிழகத்தின் நம்பர் ஒன் செக்லிஸ்ட்" மாதிரி வாசகம் எந்த மூலையிலும் வேண்டாம். குறிப்பிட்ட ஃபண்டின் பெயரும் வேண்டாம்.

படிவத்தை எங்கே வைப்பது? பாப்-அப் போடலாமா?

முகப்புப் பக்கத்தில் பெரிதாக வைக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். முகப்புக்கு வருபவர் உங்கள் முகவரியைத் தேடி வந்தவராகவும் இருக்கலாம். நாமினி, உயில், பி.எஃப். பற்றிய கட்டுரைக்குள், பிரச்சினையைச் சொல்லி முடித்த இடத்தில் வையுங்கள். அங்கே வாசகர் ஏற்கெனவே "நம்ம வீட்டில் எப்படி இருக்கிறதோ" என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

பக்கம் திறந்ததும் பாயும் பாப்-அப்பை நான் போடுவதில்லை. சின்ன போனில் மூடும் குறி விரலுக்கு அகப்படாது.

பதிவு செய்தவர்கள் பட்டியல் வரவில்லை என்கிறார்கள். என்ன பிரச்சினை?

பாதி நேரம் அனுப்பும் முகவரிதான் கோளாறு. ஆலோசகரின் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, ஒரு மொத்த அஞ்சல் சேவை வழியாக அனுப்புவார்கள். பெறும் பக்கத்தில் பார்த்தால் "இது ஜிமெயிலிலிருந்து வந்ததாகச் சொல்கிறது, ஆனால் ஜிமெயில் சர்வரிலிருந்து வரவில்லை" என்று தெரியும். நேராக ஸ்பேம்தான். உங்கள் இணையதளத்தின் டொமைனிலேயே முகவரி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப அந்த அஞ்சல் சேவைக்கு அனுமதி உண்டு என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை அந்தச் சேவையே தரும், அவற்றை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் சேர்த்துவிடுங்கள். இந்தச் சோதனைகளில் தோற்கும் கடிதத்தை என்ன செய்வது என்று பெறும் பக்கத்துக்குச் சொல்வது டிமார்க் பதிவு. example.com இருக்கும் இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டு, அதை முதலில் இப்படித் தொடங்கலாம்:

```
_dmarc.example.com  TXT  "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com"
```

சரியாக அமைந்ததா என்று பார்க்க உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் `Show original` தட்டுங்கள். SPF, DKIM, DMARC மூன்றுக்கும் எதிரில் `PASS` என்று இருக்க வேண்டும். ஒன்று தோற்றாலும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் ஸ்பேம் புகார். மொத்தமாக அனுப்புபவர்கள் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 முதல் கேட்கிறது. ஆயிரம் கடிதத்துக்கு மூன்று பேர் "ஸ்பேம்" என்று தட்டினாலே எல்லையைத் தொட்டுவிடுகிறீர்கள். கேட்காதவருக்கு மாதக் கடிதம் அனுப்பினால் அவர் விலகும் இணைப்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், ஸ்பேம் பொத்தானைத் தட்டுவார். அதன் பலனை, கேட்டு வாங்கியவர் அனுபவிப்பார். அவருக்கும் உங்கள் கடிதம் வராது.

தப்பான முகவரி, பொய் முகவரி எல்லாம் வந்து விழுகிறது. தடுக்க முடியுமா?

இருமுறை உறுதி செய்யும் முறையை வையுங்கள். படிவம் நிரப்பியதும் பட்டியலை நேராகத் திறந்துவிடாமல், ஒரு சின்னக் கடிதம் போக வேண்டும். அதில் உள்ள இணைப்பைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும், அங்கே "என் பட்டியலைத் திற" என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தியதும்தான் முகவரி உங்கள் அஞ்சல் பட்டியலில் சேர வேண்டும். இணைப்பைத் தட்டியதையே உறுதியாக எடுத்துக்கொண்டால், சில அலுவலகங்களின் அஞ்சல் பாதுகாப்பு மென்பொருள் எல்லா இணைப்புகளையும் தானே திறந்து பார்த்து, ஆளே இல்லாமல் உறுதிசெய்துவிடும். அதற்காகத்தான் நடுவில் அந்தப் பக்கம்.

படிவம் நிரப்பியதும் வரும் நன்றிப் பக்கத்தில், அடித்த முகவரியைப் பெரிதாகக் காட்டி "இந்த முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம், தவறு இருந்தால் திருத்துங்கள்" என்று எழுதுங்கள். gmial.com என்று அடித்தவர் அங்கேயே பார்த்துத் திருத்திவிடுவார்.

நன்றாக வேலை செய்கிறதா என்று எந்த எண்ணைப் பார்ப்பது?

மூன்று எண்ணை மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள்: படிவம் இருக்கும் பக்கத்தைப் பார்த்தவர்கள், முகவரி கொடுத்தவர்கள், உறுதி செய்தவர்கள். ஒரு மாதத்தில் இவை 400, 32, 21 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பார்த்தவர்களில் 8 சதவீதம் பேர் முகவரி தந்திருக்கிறார்கள். தந்தவர்களில் மூன்றில் ஒருவர் காணாமல் போயிருக்கிறார்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பொத்தானின் நிறத்தை மாற்றுவார்கள். ஓட்டை அங்கே இல்லை. 32-க்கும் 21-க்கும் நடுவில் இருக்கிறது. அந்த 11 முகவரிகளையும் வரிசையாகப் பாருங்கள். எழுத்துப்பிழை நாலைந்து இருந்தால் நன்றிப் பக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். முகவரிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் கடிதம் ஸ்பேமில் விழுகிறது என்று சந்தேகப்படுங்கள். `PASS` சோதனையை மறுபடி செய்யுங்கள், தலைப்பு வரியையும் பாருங்கள். "உங்கள் நாமினி செக்லிஸ்ட்" என்று இருந்தால் கேட்டவருக்கு அடையாளம் தெரியும். "வாழ்த்துகள்! அடுத்த படி..." என்று இருந்தால் லாட்டரி மோசடி என்றுதான் நினைப்பார்.

மாறாக 400-க்கு 3 பேர்தான் முகவரி தந்தார்கள் என்றால், படிவத்தையும் கட்டுரையையும் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை ஒன்றைப் பேசும், பட்டியல் வேறொன்றைப் பேசும்.

பட்டியல் போய்ச் சேர்ந்தது. அடுத்து என்ன எழுதுவது?

மூன்றாம் நாள் ஒரு குட்டிக் கடிதம்: "எந்த வரியில் நின்றீர்கள்? பதில் எழுதுங்கள், நானே படிக்கிறேன்." உண்மையிலேயே நீங்களே படிக்க வேண்டும். பதில் எழுதினால் திரும்பிவரும் முகவரியிலிருந்து இதை அனுப்பாதீர்கள். பத்தாம் நாள், அதிகம் பேர் நின்ற ஒரு வரியைப் பற்றி விளக்கம், உதாரணத்துக்கு இனிஷியல் விவகாரம். அந்தக் கடிதத்தின் முடிவில் சந்திப்புக்கான இணைப்பும் உங்கள் கட்டணமும் இருக்கட்டும். கட்டணத்தை மறைத்தால் போன் செய்யத் தயங்குவார்கள். பெட்டியில் டிக் போடாதவருக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

ஒரு முறை செய்துவிட்டால் போதுமா, பட்டியலை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டிவரும். பேங்க் கணக்குக்கு ஒரே நாமினிதான் என்று எழுதிய பட்டியல்கள் 2025 நவம்பர் 1-ஆம் தேதியோடு பழசாகிவிட்டன. அன்றிலிருந்து நான்கு பேர் வரை போடலாம். பிடிஎஃப்பின் அடியில் "திருத்தியது: மாதம், ஆண்டு" என்று போட்டு வையுங்கள். கோப்பையே இமெயிலோடு சேர்த்து அனுப்பாமல் இணையதளத்திலேயே வைத்து, அதற்கான இணைப்பை மட்டும் கொடுத்திருந்தால், பழைய கடிதத்தைத் திறப்பவருக்கும் புதிய பட்டியலே கிடைக்கும். மாதக் கடிதம் கேட்டவர்களுக்கு அந்த மாதம் எழுத விஷயமும் கிடைத்துவிட்டது: எந்த வரி மாறியது, ஏன் மாறியது.